சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்

நிபோங் தெபாலை ஒட்டிய பைராம் தோட்டம் போன்ற இடங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. விடிவதற்கு முன்னால் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிடும் நேரம் அது. கங்காணியும் மண்டோரும் அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டியதை எங்கள் பாட்டிமார்கள் மழை வெயில் மாதிரி வேலையோடு வருவதாக எடுத்துக்கொண்டார்கள். எதிர்த்தால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும். சொல்லிக்கொள்ள ஓர் இடமும் இல்லை.

அவர்களுடைய பேத்திகளும் பேரன்களும் இன்று பத்து காவான், சிம்பாங் அம்பாட், பிறை என்று தொழிற்சாலை பஸ்ஸில் போகிறார்கள். கெட்ட வார்த்தையும் அதே பஸ்ஸில் ஏறிப் போகிறது. ஆனால் இப்போது சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது, காலக்கெடுவும் அபராதமும் இருக்கின்றன. இருந்தும் நம் ஆட்கள் கொடுக்கும் புகார்கள் பல சமயம் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. நடந்த அசிங்கத்தைக் காகிதத்தில் எழுதக் கூச்சப்பட்டு, ‘தப்பாகப் பேசினார்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவதுதான் அதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

சட்டம் எதைப் பாலியல் தொல்லை என்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் இதற்கென்று தனிப் பகுதி 2012 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவர் விரும்பாத, பாலியல் தன்மை கொண்ட நடத்தை, அவரை நோக்கி, வேலையின் தொடர்பில் நடக்க வேண்டும். அது அவரைப் புண்படுத்தவோ அவமானப்படுத்தவோ அவருடைய நலனுக்கு மிரட்டலாக இருக்கவோ வேண்டும். நடத்தை என்றால் தொடுவது மட்டுமில்லை. பேச்சு, சைகை, காட்டும் படம் எல்லாம் அதில் அடங்கும். ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. சம்பளம் எவ்வளவு என்ற வரம்பும் இந்தப் பகுதிக்குக் கிடையாது. இதற்கும் முன்னால், 1999-இலேயே மனிதவள அமைச்சு வெளியிட்ட நடைமுறைக் கோவை ஒன்று, கேலியும் நகைச்சுவையும் வாய்மொழித் தொல்லையாக முடியும் என்று சொல்லிவிட்டது. ஆகவே “வெளாட்டுக்குத்தான் லா” என்பது சட்டத்தின் முன் ஒரு பதிலே ஆகாது. சொன்னவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பதைவிட, கேட்டவருக்கு அது வேண்டாததாக இருந்ததா என்பதுதான் கேள்வி.

பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாட்டின் உச்சத்தில் இருக்கும் கூட்டரசு நீதிமன்றமே 2016-இல் பதில் சொன்னது. சட்டம் படித்தவர்கள் அதை ரிட்ஸ்வான் – அஸ்மா வழக்கு என்பார்கள். இருவரும் தாபோங் ஹாஜி நிறுவனத்தில் வேலை செய்தவர்கள். ஆண் மேலதிகாரி, பெண் அவருக்குக் கீழே இருந்தவர். ஆபாசமான சொற்கள், அசிங்கமான ஜோக்குகள், மற்றவர்கள் முன்னாலேயே ‘எனக்கு இரண்டாம் மனைவியாகிறாயா’ என்ற தொனியில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள், இவைதாம் 2009-இல் அந்தப் பெண் மேலிடத்தில் கொடுத்த புகார். கை மேலே பட்டதாகப் பேச்சில்லை. எல்லாமே வாய்ச்சொல்லும் எழுத்தும்தான். நிறுவனத்தின் விசாரணைக் குழு, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று சொல்லி, மேலதிகாரிக்குக் கடுமையான கண்டிப்பு மட்டும் கொடுத்தது. பல வழக்குகள் அந்த இடத்தில் அடங்கிப்போகும். இங்கே அந்த மேலதிகாரியே நீதிமன்றம் போனார். தான் தொல்லை கொடுக்கவில்லை என்று அறிவிக்க வேண்டும், புகார் தன் பேரைக் கெடுத்துவிட்டது என்பது அவர் வழக்கு. அந்தப் பெண் எதிர்வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் அவருக்கு 1,00,000 வெள்ளி பொது இழப்பீடும் அதற்கு மேல் 20,000 வெள்ளியும் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. கடைசியில் கூட்டரசு நீதிமன்றம், தொல்லை கொடுப்பதையே நட்டஈடு கேட்கக்கூடிய ஒரு தனித் தவறாக மலேசியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

இந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விஷயம். மேலதிகாரி பேசிய வாக்கியங்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்து, அவர் சொன்னபடியே தீர்ப்பில் அச்சாகியிருக்கின்றன. ‘அநாகரிகமான பேச்சு’ என்ற போர்வை அவற்றின் மேல் இல்லை. நீதிபதிகளால் அந்தச் சொற்களை எடைபோட முடிந்தது என்றால், அந்தப் பெண் அவற்றை நினைவில் வைத்து, வாய்விட்டுச் சொன்னதால்தான்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். கற்பனையாக ஒன்றை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். பைராமிலிருந்து பத்து காவான் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு பெண். வயது இருபத்துநான்கு. இரவு ஷிஃப்ட்டில் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறாள், உள்ளே நறுக்கிய மாங்காய். லைன் லீடர் நாற்பது வயதுக்காரர், தமிழர், அவளைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிடுகிறவர். அவள் அவரை ‘அண்ணே’ என்பாள். டப்பாவை எட்டிப் பார்த்து, பிறகு அவளையும் பார்த்து, “மாங்கா டப்பாவுல மட்டுமா இருக்கு?” என்கிறார். மேசையில் மூன்று பேர் சிரிக்கிறார்கள். அவளும் சிரித்துவிடுகிறாள்.

மறுநாள் அவள் எச்.ஆர். அலுவலகத்துக்குப் போய், ‘லைன் லீடர் என்னிடம் தப்பாகப் பேசினார்’ என்று மலாயில் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? எச்.ஆரில் இருப்பவர் பெரும்பாலும் தமிழ் தெரியாதவர். லைன் லீடரைக் கூப்பிட்டுக் கேட்பார். “மாங்காய் சாப்பிடுவதைப் பற்றி ஒரு ஜோக், அவ்வளவுதான்” என்று அவர் சொல்வார். மலாயில் மொழிபெயர்த்தால் அது நிஜமாகவே மாங்காயைப் பற்றிய கேள்விதான். ‘அவளும் சிரித்தாளே’ என்று பக்கத்தில் இருந்தவர் சொல்வார். புகார் அங்கேயே முடிந்துவிடும். எச்.ஆர். கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தமிழின் இரட்டை அர்த்தம் அந்த மேசையைத் தாண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

அதே பெண் இப்படி எழுதினால் வேறு மாதிரி ஆகும்: ‘2025 மார்ச் 12, புதன்கிழமை, இரவு ஏறக்குறைய 1.15 மணி, கேன்டீனில் வாசலுக்குப் பக்கத்து மேசை. நான் மாங்காய் டப்பாவைத் திறந்தேன். லைன் லீடர் டப்பாவைப் பார்த்து, பிறகு என் மார்பைப் பார்த்து, “மாங்கா டப்பாவுல மட்டுமா இருக்கு?” என்று தமிழில் சொன்னார். சொல்லுக்குச் சொல் பொருள்: மாங்காய் டப்பாவில் மட்டும்தான் இருக்கிறதா? தமிழில் பெண்ணின் மார்பைக் கேலியாகச் சொல்ல மாங்காய் என்ற சொல்லைப் பயன்படுத்துவது உண்டு. அவர் அந்த அர்த்தத்தில்தான் சொன்னார். மேசையில் இருந்தவர்கள் சிரித்ததும் அதனால்தான். நானும் சிரித்தேன். அவர் எனக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர், அந்த நேரத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதன் பிறகு இடைவேளையில் நான் கேன்டீனுக்குப் போகவில்லை.’ கடைசியில் மேசையில் இருந்த மூவரின் பெயர்.

இந்தப் புகாரில் கண்ணீர் இல்லை, வசை இல்லை, அவர் எப்படிப்பட்டவர் என்ற தீர்ப்பும் இல்லை. நாள், நேரம், இடம், சொல், பார்வை எங்கே போனது, சொல்லின் இன்னொரு பொருள், யார் இருந்தார்கள், பிறகு என்ன மாறியது, இவ்வளவுதான் இருக்கிறது. சிரித்ததை அவளே முன்கூட்டி எழுதிவிட்டாள் என்பதையும் கவனியுங்கள். விசாரணையில் எதிர்த் தரப்பு எடுக்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மேலே இருப்பவர் பேசும்போது கூச்சத்தில் சிரித்துவிடுவது நம் வீட்டுப் பெண்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கப்படுத்தப்பட்டது. அதற்காக வெட்கப்பட வேண்டாம். மறைக்கவும் வேண்டாம்.

தமிழ்க் கெட்ட வார்த்தைகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை அம்மாவையோ உடலையோ உறவையோ தொட்டே வரும். கோபத்தில் வந்த வெறும் திட்டு என்று சொன்னவர் சொல்வார். ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதில் இருப்பது பாலியல்தான். அது சட்டத்தின் கண்ணில் பாலியல் தொல்லையா, வெறும் வசையா என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. இதில் உறுதியாக ஒன்றைச் சொல்ல மாட்டேன். அதனால் புகாரில் இரண்டையும் குறிப்பிடுவது நல்லது. பாலியல் தொல்லை என்றும், அது ஒப்புக்கொள்ளப்படாவிட்டால் நிறுவனத்தின் ஒழுங்கு விதிகளை மீறிய வசைமொழி என்றும் எழுதுங்கள். சொல்லை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால், கையால் தமிழிலேயே எழுதி, பக்கத்தில் மலாயில் நேர்ப்பொருள் போட்டு, மூடிய உறையில் கொடுக்கலாம்.

வசை மட்டும்தான் என்றால் வழி கொஞ்சம் மாறும். வேலைச் சட்டத்தின் பாலியல் தொல்லைப் பகுதி நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவதுபோல, சாதாரணக் கெட்ட வார்த்தை விஷயத்தில் கட்டுப்படுத்தாது. அங்கே நிறுவனத்தின் சொந்த விதிப்புத்தகம்தான் ஆதாரம். வேலையில் சேரும்போது கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் புத்தகத்தைத் தேடி எடுங்கள். ‘ஒழுங்கீனம்’ என்ற தலைப்பில் வசைமொழி இருக்கும். குறைதீர்ப்பு முறை என்று ஒரு பக்கமும் பெரும்பாலும் இருக்கும். இனத்தை வைத்துச் செய்யும் ஜோக்குகளும் இந்த வகைதான். ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் பழங்காலச் சொல்லாக நிற்கும் ‘கெலிங்’, ஒரு சக ஊழியரின் வாயிலிருந்து நம்மைப் பார்த்து வரும்போது குத்துகிறது. அதையும் சொன்ன நேரம், சொன்ன முறை, சுற்றி இருந்தவர்கள் என்று அப்படியே எழுதிக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

சொல்லால் அவமானப்படுத்துவதை நாடு எவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டிருந்தது என்பது 2024 ஜூலையில் எல்லாருக்கும் உறைத்தது. ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாஹு, இணையத்தில் தொடர்ந்து இழிவுபடுத்தப்பட்ட நிலையில் இறந்துபோனார். அவரை இழிவுபடுத்தியதாக ஒப்புக்கொண்ட ஒருவருக்கு 1955-ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின் கீழ் கிடைத்த தண்டனை 100 வெள்ளி அபராதம். அந்தச் சட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை. அதன் பிறகு எழுந்த குரலால் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. மிரட்டும், வசைபாடும், அவமதிக்கும் சொற்களால் ஒருவரை வேண்டுமென்றே துன்புறுத்துவது இப்போது போலீசில் புகார் கொடுக்கக்கூடிய குற்றம். வேலையிடம் என்பதால் அதற்கு விலக்கு இல்லை. பாலியல் சொல்லோ சைகையோ கொண்டு ஒருவரின் மானத்தை அவமதிப்பதற்கு 509-ஆம் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

மாங்காய் டப்பாப் பெண்ணிடம் திரும்புவோம். புகாரை அவள் மார்ச் 14-ஆம் தேதி கொடுக்கிறாள் என்று வைப்போம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு எச்.ஆரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால், அன்றே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அதன் படத்தை அனுப்பிவைத்தால் தேதி பதிந்துவிடும். இந்தத் தேதி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், வேலைச் சட்டப்படி, நிறுவனம் விசாரிக்க மறுப்பதாக இருந்தால், புகார் கிடைத்த 30 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் சொல்லியாக வேண்டும். மறுக்கவும் நினைத்தபடி முடியாது. அதே புகார் முன்பே விசாரிக்கப்பட்டு நிரூபணமாகாமல் போயிருக்க வேண்டும், அல்லது அது அற்பமானது, வீண் தொந்தரவு, நல்லெண்ணத்தில் கொடுக்கப்படவில்லை என்று நிறுவனம் கருத வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஏப்ரல் 13 வரை ஒரு பதிலும் வரவில்லை என்றால், அதற்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை. “பார்ப்போம், பொறு” என்று வாயால் சொன்னது பதில் ஆகாது. அவள் நேராகத் தொழிலாளர் இலாகாவுக்கு, நம் ஆட்கள் லேபர் ஆபிஸ் என்று சொல்லும் ஜாபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்குப் போகலாம். அதன் தலைமை இயக்குநர் விசாரிக்கச் சொல்லி நிறுவனத்துக்கு உத்தரவிட்டால், 30 நாளுக்குள் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். கடமையைச் செய்யாத முதலாளிக்கு 2023 ஜனவரி 1 முதல் அபராதம் 50,000 வெள்ளி வரை. முன்பு அது 10,000 வெள்ளியாக இருந்தது. பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டி வைப்பதும் அதே நாளிலிருந்து கட்டாயம். உங்கள் வேலையிடத்தில் அது எங்கே தொங்குகிறது என்று ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

குற்றம் நிரூபணமானால் நிறுவனம் லைன் லீடரை வேலையிலிருந்து நீக்கலாம், பதவியைக் குறைக்கலாம், அதைவிடச் சிறிய தண்டனையும் கொடுக்கலாம். சம்பளமில்லாமல் நிறுத்தி வைப்பதென்றால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. சின்ன உணவகங்களிலும் கடைகளிலும் முதலாளியே அப்படிப் பேசினால் அவரிடமே புகார் கொடுப்பதில் அர்த்தமில்லை. அவர் தனி உரிமையாளர் என்றால் இலாகாவே விசாரிக்கும். நிரூபணமானால் வேலைக்காரர் நோட்டீஸ் கொடுக்காமலே வெளியேறலாம், நோட்டீஸ் காலச் சம்பளமும் அவருக்குக் கிடைக்கும்.

இந்த வேலைச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலும், ஒரே முதலாளியின் தொழிலாளிகளுக்கு இடையிலும் நடப்பதைத்தான் நன்றாகப் பிடிக்கும். சரக்கு இறக்க வரும் வெளி நிறுவனத்து லாரி ஓட்டுநர், கடைக்கு வரும் வாடிக்கையாளர், ஏஜென்ட் மூலம் வந்த வேறு கம்பெனி ஆள் போன்றவர்கள் அதில் சரியாகச் சிக்குவதில்லை. அவர்களுக்காகத்தான் 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம், அதாவது 840-ஆம் சட்டம். அதன் கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச் முதல் புகார்களை ஏற்கிறது. வேலையிடமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. வழக்கறிஞர் பொதுவாகத் தேவையில்லை, விசாரணை மூடிய அறையில் நடக்கும். முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், 2,50,000 வெள்ளி வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். உத்தரவை மதிக்காவிட்டால் அபராதமும் சிறையும் உண்டு. நிறுவனத்தின் விசாரணையில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

இந்தச் சட்டத்துக்கும் குறை உண்டு. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் என்ன என்பதற்கு அது தனியாக வழி சொல்லவில்லை. பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்துப் பேசின. அதனால் ஓவர்டைம் திடீரென்று குறைந்தது, வேறு லைனுக்கு மாற்றினார்கள், ரிப்போர்ட்டில் மதிப்பெண் சரிந்தது என்பதையெல்லாம் புகார் கொடுத்த நாளிலிருந்து தேதியோடு எழுதி வைக்க வேண்டும். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வேலையிலிருந்தே நீக்கிவிட்டால், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் மீண்டும் வேலை கேட்டு மனுக் கொடுக்கலாம். அதற்கு நீக்கிய நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம். மனசு ஆறட்டும் என்று இரண்டு மாதம் வீட்டிலிருந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

எல்லாவற்றுக்கும் புகார்தான் வழி என்று நான் சொல்லவில்லை. வரம்பு தாண்டியது முதல் தடவை, ஆள் கேட்கக்கூடியவர் என்று தோன்றினால், “அண்ணே, இந்த மாதிரிப் பேச்சு எங்கிட்ட வேணாம்” என்று ஒரே வாக்கியத்தில், சிரிக்காமல் சொன்னால் பல சமயம் போதும். அன்று இரவே அதை வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வைக்கலாம்: ‘இன்னைக்கு கேன்டீன்ல நீங்க சொன்னது எனக்குப் பிடிக்கல. இனி சொல்லாதீங்க.’ அவர் மன்னிப்புக் கேட்டால் விஷயம் முடிந்தது. மறுபடி சொன்னால், நீங்கள் விரும்பவில்லை என்பதற்கு எழுத்தில் சாட்சி உங்கள் கையில் இருக்கிறது. அப்படிச் சொல்லாமல் இருந்தீர்கள் என்பதால் உங்கள் புகார் செல்லாமல் போகாது. ஆள் பயப்பட வைப்பவர் என்றாலோ, தொட்டுவிட்டார் என்றாலோ இந்தப் படியைத் தாண்டி நேராகப் புகாருக்குப் போங்கள்.

‘அண்ணே’ என்று கூப்பிட்டவர் மேல் எப்படிப் புகார் எழுதுவது என்று தயங்குகிறவர்கள் உண்டு. உறவு முறை வைத்துப் பேசுவது நம் வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட. ஆனால் அந்த முறையை முதலில் மீறியது யார் என்று பாருங்கள். தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டு அப்படிப் பேசியவர்தான் மீறினார்.

மேசையில் உட்கார்ந்து கேட்டவர்களும் வேலை செய்ய வேண்டும். சிரிக்காமல் இருப்பது முதல் படி. இரண்டாவது, அன்றே நீங்கள் கேட்ட சொல்லை, உங்கள் காதில் விழுந்தபடி, உங்கள் போனில் எழுதி வைப்பது. எச்.ஆர். மூன்று வாரம் கழித்துக் கூப்பிடும்போது, “என்னமோ ஜோக் சொன்னாரு, சரியா ஞாபகம் இல்ல” என்று நீங்கள் சொன்னால் அந்தப் பெண் தனியாகிவிடுவாள். “மாங்கா டப்பாவுல மட்டுமா இருக்கு என்று சொன்னார், சொல்லும்போது அவளைப் பார்த்தார்” என்று இரண்டு வரி சொன்னால் அவளுடைய தாளில் இருக்கும் சொல்லும் உங்கள் சொல்லும் பொருந்தும். நிறுவன விசாரணையில் கொலை வழக்குபோல் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற தராசுதான். அந்தத் தராசில் ஒரு சாட்சியின் இரண்டு வரிக்குக் கனம் அதிகம்.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம். ஜார்ஜ் டவுனில் 1985-இல் தொடங்கிய மாற்றத்துக்கான பெண்கள் மையம், புகார் எழுதவும் துணையாக வரவும் உதவுகிறது. தாளையும் பேனாவையும் எடுத்து உட்காரும்போது, முதலில் தேதியை எழுதுங்கள். அடுத்த வரியில் அந்தச் சொல்லை.